வங்கியில் வந்த வரி ரீஃபண்டும் 143(1) அறிவிப்பும் ஒத்துப்போகிறதா? வட்டியோடு சரிபார்க்கும் வழி

ரிட்டர்னில் நான் கேட்ட ரீஃபண்ட் 26,430 ரூபாய். ரிட்டர்னைப் பரிசீலித்து வருமான வரித் துறை அனுப்பிய 143(1) அறிவிப்பில் இருந்தது 27,220. வங்கி ஸ்டேட்மென்டில் வரவு வைக்கப்பட்டது 22,360. ஒரே ரீஃபண்டுக்கு மூன்று எண்கள். விசாரித்தால் ஒருவர் ரவுண்டிங் என்றார், இன்னொருவர் டிடிஎஸ் பிரச்சினை என்றார், மூன்றாமவர் வந்தவரை லாபம், விட்டுவிடுங்கள் என்றார். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கணக்குப் போட்டபோதுதான் மூன்று எண்களுமே சரி என்று புரிந்தது. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று முதல்முறை ரீஃபண்ட் வாங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். எல்லா எடுத்துக்காட்டுகளும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கானவை, அதாவது 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை சம்பாதித்த வருமானத்துக்கு. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்றாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் ரீஃபண்டுகளுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்களே பொருந்தும்.

1. நான்கு தாள்களை எடுத்து வையுங்கள்

முதலாவது, நீங்கள் தாக்கல் செய்த ரிட்டர்னின் பிடிஎஃப். இரண்டாவது, 143(1) அறிவிப்பு. இது பதிவு செய்த மின்னஞ்சலுக்கு வரும். தவறவிட்டிருந்தால் incometax.gov.in தளத்தில் உள்நுழைந்து e-File, அதற்குள் Income Tax Returns, அப்புறம் View Filed Returns என்று போனால் அந்த ஆண்டுக்கு எதிரே தரவிறக்கிக்கொள்ளலாம். கோப்பு கடவுச்சொல் கேட்கும். பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியைச் சேர்க்க வேண்டும். பான் ABCDE1234F, பிறந்த தேதி 5 மார்ச் 1990 என்றால் கடவுச்சொல் இது:

```
abcde1234f05031990
```

மூன்றாவது, ரீஃபண்டுக்காக நீங்கள் குறிப்பிட்ட கணக்கின் ஸ்டேட்மென்ட். நெட்பேங்கிங்கில் இலவசமாக எடுக்கலாம். கிளையில் அச்சிட்டு வாங்கினால் சில வங்கிகள் கட்டணம் பிடிக்கும்.

நான்காவது, உங்கள் பானில் பிடிக்கப்பட்ட வரியையும் கொடுக்கப்பட்ட ரீஃபண்டையும் காட்டும் படிவம் 26ஏஎஸ், அதோடு ஏஐஎஸ் என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ரிட்டர்ன் எந்த ஆண்டுக்கானதோ அந்த ஆண்டின் 26ஏஎஸ்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, ரீஃபண்ட் விவரமே இல்லையே என்று பதறுவார்கள். பணம் எந்த நிதியாண்டில் கொடுக்கப்பட்டதோ அந்த ஆண்டின் அறிக்கையில்தான் அது ஏறும். 2023-24 வருமானத்துக்கான ரீஃபண்ட் 2024 செப்டம்பரில் வந்தால், 2024-25 நிதியாண்டின் 26ஏஎஸ்ஸைத்தான் பார்க்க வேண்டும். தளத்தில் ஆண்டைத் தேர்ந்தெடுக்கும்போது மதிப்பீட்டு ஆண்டு என்று கேட்டால் 2025-26 என்று கொடுங்கள்.

இந்த நான்கில் எதற்கும் அரசுக்குக் கட்டணம் கிடையாது. இங்கே அழுத்தினால் ரீஃபண்ட் கிடைக்கும் என்று இணைப்போடு குறுஞ்செய்தி வந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். தளத்தின் முகவரியை நீங்களே அடித்து உள்ளே போங்கள்.

2. ஸ்டேட்மென்டில் சரியான வரியைப் பிடியுங்கள்

தனிநபர் ரீஃபண்டுகள் பாரத ஸ்டேட் வங்கி வழியாக வருகின்றன. உங்கள் கணக்கு எந்த வங்கியில் இருந்தாலும் பெரும்பாலும் விவரப் பகுதியில் ITDTAX REFUND என்ற சொற்களும், பக்கத்தில் மதிப்பீட்டு ஆண்டும், பான் எண்ணும் இருக்கும். நெட்பேங்கிங்கின் தேடல் பெட்டியில் ITDTAX என்று அடித்தாலே அகப்பட்டுவிடும்.

தொகையைப் பார்ப்பதற்கு முன் மதிப்பீட்டு ஆண்டைப் பாருங்கள். பழைய ஆண்டு ஒன்றின் ரீஃபண்ட் தாமதமாக வந்து, அதை இந்த ஆண்டின் அறிவிப்போடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் எந்தக் கணக்கும் சேராது. ஒரே மாதத்தில் இரண்டு ஆண்டுகளின் ரீஃபண்டும் வருவதுண்டு. வரவு வைத்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வரவே இல்லை என்றால் தளத்தில் ரீஃபண்ட் நிலையைப் பாருங்கள். ரீஃபண்ட் அனுப்பப்பட்ட பிறகு நான்கைந்து வாரம் வரை ஆகலாம். தோல்வி என்று காட்டினால் வங்கிக் கணக்கின் முன்சரிபார்ப்பில்தான் பெரும்பாலும் கோளாறு. கணக்கிலுள்ள பெயரும் பானிலுள்ள பெயரும் பொருந்தாதது, வங்கிகள் இணைந்தபின் ஐஎஃப்எஸ்சி எண் மாறியது போன்றவை. கணக்கை மறுபடி சரிபார்த்துவிட்டு Services பகுதியில் Refund Reissue கோரிக்கை கொடுக்கலாம்.

3. அறிவிப்பில் முதலில் அசல் ரீஃபண்டை மட்டும் ஒப்பிடுங்கள்

143(1) அறிவிப்பு பல பக்கம் ஓடும். அட்டவணையில் இரண்டு பத்திகள் இருக்கும். இடப்பக்கம் நீங்கள் ரிட்டர்னில் சொன்னது, வலப்பக்கம் துறை கணக்கிட்டது. மொத்த வருமானம், மொத்த வரி, டிடிஎஸ், வட்டி சேர்க்காத ரீஃபண்ட் ஆகிய நான்கு வரிகளிலும் இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் கணக்கைத் துறை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டது, மிச்சமெல்லாம் வட்டியும் கழிவும்தான்.

என் விஷயத்தில் செஸ் உட்பட வரி 58,240. பிடிக்கப்பட்ட டிடிஎஸ் 84,672. வித்தியாசம் 26,432. ரீஃபண்டைப் பத்தின் மடங்காக முழுமையாக்க வேண்டும் என்று 288பி பிரிவு சொல்வதால் அது 26,430 ஆனது. இரண்டு பத்தியிலும் அதே எண். இது வரை சிக்கலில்லை.

டிடிஎஸ் வரியில் வலப்பக்கம் குறைவாக இருந்தால் வட்டிக் கணக்குக்குப் போவதற்கு முன் அங்கேயே நின்றுவிடுங்கள். உங்கள் நிறுவனமோ வங்கியோ பிடித்த வரியை உங்கள் பானில் ஏற்றவில்லை, அல்லது நீங்கள் எண்ணைத் தவறாக அடித்திருக்கிறீர்கள். பிடித்தவர் தன் டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தி 26ஏஎஸ்ஸில் தொகை ஏறிய பிறகுதான் நீங்கள் திருத்தம் கேட்பதில் பயன் உண்டு.

4. வட்டியை நீங்களே கணக்கிடுங்கள்

ரீஃபண்டுக்கான வட்டி 244ஏ பிரிவின்படி மாதத்துக்கு அரை சதவீதம். தனிவட்டிதான், கூட்டுவட்டி இல்லை. இந்தக் கணக்குக்கு நான்கு விஷயம் தெரிந்தால் போதும்.

முதலில், உங்களுக்கு வட்டி உண்டா என்று பாருங்கள். ரீஃபண்ட், தீர்மானிக்கப்பட்ட வரியில் பத்து சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் வட்டியே கிடையாது. ஒருவருக்கு வரி 2,10,000, ரீஃபண்ட் 12,000 என்று வையுங்கள். பத்து சதவீதம் 21,000, ரீஃபண்ட் அதற்குக் கீழே. அவர் எத்தனை மாதம் காத்திருந்தாலும் வட்டி பூஜ்யம்தான். அறிவிப்பில் வட்டி வரி காலியாக இருப்பதைப் பிழை என்று நினைத்துப் புகார் கொடுப்பவர்களில் பலர் இந்த விதியில் மாட்டியவர்கள். என் வரி 58,240, அதில் பத்து சதவீதம் 5,824. ரீஃபண்ட் அதைவிட அதிகம் என்பதால் எனக்கு வட்டி உண்டு.

அடுத்து, எந்த நாளிலிருந்து? டிடிஎஸ், டிசிஎஸ், முன்கூட்டிக் கட்டிய வரி ஆகியவற்றிலிருந்து வரும் ரீஃபண்டுக்கு, கடைசித் தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் மதிப்பீட்டு ஆண்டின் ஏப்ரல் 1 முதல். தாமதமாகப் போட்டிருந்தால் ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்துதான். ரிட்டர்ன் போடும் சமயத்தில் நீங்களாகக் கட்டிய சுயமதிப்பீட்டு வரி திரும்பி வருகிறது என்றால், வரி கட்டிய நாள், ரிட்டர்ன் போட்ட நாள் இரண்டில் எது பிந்தியதோ அங்கிருந்து.

மூன்றாவது, மாதத்தில் ஒரு நாள் சேர்ந்தாலும் அது முழு மாதம். நான்காவது, வட்டி போடும் தொகையில் நூறுக்குக் கீழ் உள்ள சில்லறையை விட்டுவிட வேண்டும். இந்த இரண்டும் விதி 119ஏ. 26,430 இங்கே 26,400 ஆகிவிடுகிறது.

நான் ஜூலை 31க்குள் ரிட்டர்ன் போட்டேன். அறிவிப்பின் தேதி 2024 செப்டம்பர் 26. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஆறு மாதம்.

```
26,400 × 0.5% = 132   (ஒரு மாத வட்டி)
132 × 6 = 792
26,430 + 792 = 27,222 → 27,220
```

அறிவிப்பில் Interest u/s 244A என்ற வரியில் 792 இருந்தது. மொத்தம் மறுபடி பத்தின் மடங்காக முழுமையாகி 27,220. ரிட்டர்னில் கேட்டதைவிட 790 ரூபாய் ஏன் கூடுதல் என்பதற்கு விடை இவ்வளவுதான்.

இதில் சத்தமில்லாமல் காலை வாரிவிடும் ஒரு விஷயம் இ-சரிபார்ப்பு. ரிட்டர்னைத் தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற வழியில் சரிபார்க்க வேண்டும். அதைத் தாண்டினால் சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும். 2024 ஜூலை 25 அன்று ரிட்டர்ன் போட்டுவிட்டு, மறந்துபோய் செப்டம்பர் 5 அன்று சரிபார்த்தவர், தன்னளவில் காலத்தோடு போட்டவர்தான். சட்டப்படி தாமதமாகப் போட்டவர். வட்டி ஏப்ரலுக்குப் பதில் செப்டம்பரில் தொடங்கும். என் தொகையை வைத்துச் சொன்னால் ஐந்து மாத வட்டி, அதாவது 660 ரூபாய் போய்விடும். போதாக்குறைக்கு 234எஃப் பிரிவில் தாமதக் கட்டணமும் ஏறும். வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு அது 5,000 ரூபாய். இப்படி அசல் ரீஃபண்டே 5,000 குறைந்திருந்தால் முதலில் சரிபார்த்த தேதியைப் பாருங்கள்.

5. வித்தியாசத்தின் அளவைப் பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கும்

உங்கள் கணக்கும் அறிவிப்பும் வங்கி வரவும் சேரவில்லை என்றால், உடனே யாரிடமும் ஓட வேண்டாம். எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

பத்து ரூபாய்க்குள் என்றால் ரவுண்டிங். அதை மறந்துவிடலாம்.

ஒரு மாத வட்டியின் மடங்காக வந்தால், எனக்கு 132, 264, 396 என்பது போல, மாதங்களை எண்ணியதில்தான் விஷயம். என் அறிவிப்பு செப்டம்பர் 26 தேதியிட்டது, பணம் வந்தது அக்டோபர் 4. பணம் வந்த மாதத்தையும் சேர்த்தால் ஏழு மாதம், வட்டி 924. அறிவிப்போ ஆறு மாதத்தோடு நின்றுவிட்டது. சட்டம் ரீஃபண்ட் வழங்கப்படும் நாள் வரை என்கிறது. அறிவிப்பு தயாராகும்போதே வட்டி கணக்கிடப்படுவதால், மாதக் கடைசியில் அறிவிப்பு வந்தவர்களுக்கு இந்த ஒரு மாதம் இடிக்கும். 132 ரூபாய்க்காகத் திருத்த மனு போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் பக்கம் எந்தத் தவறும் இல்லாமல் அறிவிப்புக்குப் பிறகு பல மாதம் பணம் நின்றிருந்தால் கேளுங்கள், கேட்பதில் நியாயம் உண்டு. உங்கள் வங்கிக் கணக்குக் கோளாறால் நின்றிருந்தால் எதிர்பார்க்காதீர்கள். வரி செலுத்துபவரால் ஏற்பட்ட தாமதத்துக்கான காலத்தை வட்டியிலிருந்து கழிக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.

வித்தியாசம் பெரிதாக, எந்த மடங்கிலும் அடங்காமல் இருந்தால், அதிலும் அறிவிப்பின் மொத்தம் சரியாக இருந்து வங்கி வரவு மட்டும் குறைந்திருந்தால், பழைய நிலுவை ஒன்றுக்குக் கழித்திருக்கிறார்கள். என் கதை இதுதான். 27,220இல் 22,360 போக 4,860 ரூபாய். 2018-19 மதிப்பீட்டு ஆண்டில் என் பெயரில் ஒரு சிறு நிலுவை இருந்தது, வட்டியோடு சேர்த்து அந்தத் தொகை. 245 பிரிவின்படி இப்படிக் கழிப்பதற்கு முன் உங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் மின்னஞ்சலுக்கு வரும், தளத்திலும் இருக்கும். பதில் சொல்ல எவ்வளவு நாள் என்று அதிலேயே போட்டிருப்பார்கள். பதில் சொல்லாமல் விட்டால் கழித்துவிடுவார்கள்.

தளத்தில் Pending Actions பகுதியில் Response to Outstanding Demand என்பதைத் திறந்தால் எந்த ஆண்டுக்கு எவ்வளவு நிலுவை என்று தெரியும். நிலுவை சரியானது என்றால் கணக்கு முடிந்தது. தவறு என்றால் அந்தப் பழைய ஆண்டின் உத்தரவைத்தான் எதிர்க்க வேண்டும். ரீஃபண்ட் வந்த ஆண்டின் அறிவிப்புக்குத் திருத்தம் கேட்டால் அது நிராகரிக்கப்படும், ஏனென்றால் அந்த அறிவிப்பில் பிழை ஏதும் இல்லை. கழித்த தொகை அசல் நிலுவையைவிடக் கூடுதலாக இருந்தாலும் அதிர்ச்சி வேண்டாம். கட்டாத நிலுவைக்கு மாதம் ஒரு சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கும். நமக்குத் தரும் வட்டியைப் போல இரு மடங்கு என்பதால், சின்ன நிலுவையைக்கூட வளரவிடாமல் முடித்துவிடுவது நல்லது.

6. 26ஏஎஸ்ஸோடு ஒரு முறை வைத்துப் பாருங்கள்

பணம் வந்த நிதியாண்டின் 26ஏஎஸ்ஸில், கொடுக்கப்பட்ட ரீஃபண்டுகளுக்குத் தனிப் பகுதி உண்டு. Details of Paid Refund என்ற தலைப்பைத் தேடுங்கள். மதிப்பீட்டு ஆண்டு, கொடுத்த முறை, தொகை, வட்டி, கொடுத்த தேதி எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். தொகைப் பத்தியையும் வட்டிப் பத்தியையும் எடுத்த எடுப்பில் கூட்டிவிடாதீர்கள். தொகையை முதலில் அறிவிப்பின் மொத்தத்தோடு வைத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் வட்டி ஏற்கெனவே அதற்குள் அடங்கியிருக்கிறது, கூட்டினால் இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

7. வட்டியை அடுத்த ரிட்டர்னில் காட்டுங்கள்

ரீஃபண்ட் நீங்கள் கூடுதலாகக் கட்டிய உங்கள் சொந்தப் பணம், அதற்கு வரி இல்லை. வட்டி வருமானம், அதற்கு வரி உண்டு. எனவே வங்கியில் வந்த 22,360ஐ வருமானமாகக் காட்டுவதும் தவறு, ஒன்றுமே காட்டாமல் விடுவதும் தவறு. காட்ட வேண்டியது 792 மட்டும்.

நிலுவைக்குக் கழித்தவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். என் கைக்கு வந்தது ரிட்டர்னில் கேட்டதைவிடக் குறைவுதான். அதனால் வட்டி வரவில்லை என்று அர்த்தமில்லை. 792 ரூபாயும் எனக்கு வழங்கப்பட்டு, மொத்தத்தில் ஒரு பகுதி என் கடனை அடைக்கப் போயிருக்கிறது. முழு ரீஃபண்டும் நிலுவைக்கே போய் வங்கியில் ஒரு ரூபாய்கூட வராதவர்களும் வட்டியைக் காட்ட வேண்டும். ஏஐஎஸ்ஸில் அது ஏறியிருக்கும், விட்டால் துறைக்குத் தெரிந்துவிடும்.

எந்த ஆண்டில் காட்டுவது? பெரும்பாலான சம்பளக்காரர்கள் வருமானத்தைக் கைக்கு வந்த கணக்கில்தான் காட்டுகிறோம். 2024 அக்டோபரில் வந்த வட்டி 2024-25 நிதியாண்டின் வருமானம், 2025-26 மதிப்பீட்டு ஆண்டின் ரிட்டர்னில் இடம்பெற வேண்டும். இதர வருமானம் பகுதியில் Interest from Income Tax Refund என்று தனி விருப்பமே இருக்கிறது, அதையே தேர்ந்தெடுங்கள். சேமிப்புக் கணக்கு வட்டியோடு கலந்துவிட்டால் 80டிடிஏ கழிவைத் தவறாகக் கோரியதாக ஆகிவிடும். அந்தக் கழிவு இந்த வட்டிக்குக் கிடையாது. மூத்த குடிமக்களுக்கான 80டிடிபி கழிவும் இதற்குப் பொருந்தாது.

இந்தியாவில் வசிப்பவர்களுக்கு இந்த வட்டியில் டிடிஎஸ் பிடிக்க மாட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பிடிப்பு உண்டு, ஆகவே சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு வரவு அந்த அளவுக்குக் குறையும். அந்தப் பிடிப்பும் அவர்கள் 26ஏஎஸ்ஸில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து அடுத்த ரிட்டர்னில் கோர வேண்டும்.

8. உண்மையிலேயே பிழை இருந்தால்

சில்லறை, மாதக் கணக்கு, நிலுவை எதுவும் காரணமில்லை, துறையின் கணக்கில்தான் தவறு என்று உறுதியானால் 154 பிரிவில் திருத்தம் கேளுங்கள். தளத்தில் Services, அதற்குள் Rectification. கட்டணம் இல்லை. டிடிஎஸ் இப்போது 26ஏஎஸ்ஸில் சரியாகிவிட்டது என்றால் வரிக் கடன் பொருந்தாமைக்கான விருப்பத்தையும், உங்கள் தரவில் மாற்றமே இல்லை என்றால் ரிட்டர்னை மறுபடி பரிசீலிக்கும் விருப்பத்தையும் தேர்ந்தெடுங்கள். அறிவிப்பு வந்த நிதியாண்டின் முடிவிலிருந்து நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. 2024 செப்டம்பர் அறிவிப்புக்கு 2029 மார்ச் 31 வரை. மனு கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து ஆறு மாதத்துக்குள் துறை முடிவு சொல்ல வேண்டும். அதற்குள் பதில் இல்லையென்றால் தளத்தின் Grievances பகுதியில், மனுவின் ஒப்புகை எண்ணைக் குறிப்பிட்டு, வித்தியாசத் தொகையையும் அது எந்த வரியில் வருகிறது என்பதையும் இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். நீளமாக எழுதினால் தொடர்பில்லாத பதில் வந்து சேரும்.